பிஎஃப் பணத்தை எங்கே வைப்பது: சிங்காநல்லூர் மில் ஓய்வூதியர் கூட்டத்தில் பேசியது

எல்லாருக்கும் வணக்கமுங்க. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து பணம் கைக்கு வந்திருக்கு. பேங்க்ல எஃப்டி போடச் சொல்றாங்க, பையன் மியூச்சுவல் ஃபண்ட்ல போடச் சொல்றான். எது நல்லதுன்னு கேக்கறீங்க. நான் திருப்பி ஒண்ணு கேக்கறேன்: இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்? அதுக்குப் பதில் சொல்லிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுதுங்க.

முதல்ல எஃப்டி. பேங்க்குக்கு நீங்க கடன் குடுக்கறீங்க, வட்டி இவ்வளவுன்னு அன்னைக்கே எழுதிக் குடுத்துடறாங்க. 60 வயசு தாண்டினவங்களுக்குப் பெரும்பாலும் அரை சதவீதம் கூட. 7 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, 10 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா 17,500. மாசா மாசம் வேணும்னா 5,833 வராது, சுமார் 5,800 தான் வரும். முன்கூட்டியே குடுக்கறதால கொஞ்சம் கழிச்சுக்குவாங்க. அதைப் பாத்து பேங்க்ல சண்டை போடாதீங்க, கணக்கு அப்படித்தான்.

பேங்க் முழுகினா? டெபாசிட் இன்சூரன்ஸ் 2020 பிப்ரவரியில இருந்து ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம். அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம், அதை நல்லா கவனிங்க. அஞ்சு லட்சத்தை அப்படியே போட்டு, வட்டியை எடுக்காம விட்டா, சேர்ற வட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால 4.5 லட்சத்தோட நிறுத்துங்க. ஒரே பேங்க்ல சிங்காநல்லூர் கிளையில கொஞ்சம், பீளமேடு கிளையில கொஞ்சம்னு போட்டாலும் ஒண்ணாத்தான் சேப்பாங்க. வேற பேங்க்கா இருக்கணும். வட்டி கூட தர்றாங்கன்னு நகைக்கடைச் சீட்டுலயோ, பேர் தெரியாத ஃபைனான்ஸ்லயோ போட்டா இந்த இன்சூரன்ஸ் கிடையவே கிடையாது.

அவசரத்துக்கு எஃப்டியை உடைக்கலாம். ஆனா ஒப்புக்கிட்ட வட்டி வராது. எத்தனை நாள் இருந்துச்சோ அந்த நாளுக்கான வட்டியில, பேங்க்கைப் பொறுத்து அரை சதவீதமோ ஒரு சதவீதமோ பிடிப்பாங்க. அதனால 9 லட்சத்துக்கு ஒரே ரசீது வாங்காதீங்க. 1.5 லட்சம் வீதம், ரெண்டு பேங்க்ல மூணு மூணா, ஆறு ரசீதா வாங்குங்க. ஆஸ்பத்திரிச் செலவு வந்தா ஒண்ணை மட்டும் உடைச்சாப் போதும்.

எஃப்டியோட குறையையும் சொல்லிடறேன். வட்டி வளராது, விலைவாசி வளரும். வருஷம் 6 சதவீதம் ஏறினா, இன்னைக்கு 18,000ல நடக்கற குடும்பத்துக்கு 12 வருஷத்துல 36,000 வேணும். 60 வயசுக்காரருக்கு அப்ப 72. அந்த வயசுலதான் மருந்துச் செலவே ஏறும்.

இங்கதான் மியூச்சுவல் ஃபண்ட் வருது. பல பேர் பணத்தை ஒண்ணாச் சேத்து ஷேர்லயோ கடன் பத்திரத்துலயோ போடறாங்க. உங்களுக்கு யூனிட் கிடைக்கும், அதோட விலை தினமும் மாறும். இவ்வளவு வரும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. எழுதிக் குடுத்தார்னா அவர்கிட்ட இருந்து எந்திரிச்சு வந்துடுங்க. ஷேர் மார்க்கெட் ஏறுதா இறங்குதான்னு காட்டற குறியீடு சென்செக்ஸ். 2008 ஜனவரியில 21,000 தொட்ட அது அக்டோபர்ல 9,000க்குக் கீழ போச்சு, மறுபடி அந்த 21,000க்கு வர 2010 நவம்பர் ஆச்சு. 2020லயும் ஜனவரியில 42,000 கிட்ட இருந்தது மார்ச் 23ம் தேதி 26,000க்குக் கீழ முடிஞ்சுது.

வேலையில இருக்கறவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை, காத்திருப்பான். நமக்கு மாசம் எடுத்தாகணுமே! யூனிட் விலை 100 இருக்கறப்ப 15,000 எடுக்க 150 யூனிட் வித்தாப் போதும். விலை 60க்கு விழுந்தா அதே 15,000க்கு 250 யூனிட் விக்கணும். நாளைக்கு மார்க்கெட் ஏறினாலும் வித்த யூனிட் திரும்பி வராது. இப்படி மாசா மாசம் யூனிட்டை வித்துப் பணம் தர்ற ஏற்பாட்டுக்கு எஸ்டபிள்யூபின்னு பேர் சொல்லி, ‘மாசா மாசம் பென்ஷன் மாதிரி வரும்’னு பங்கு ஃபண்டை நம்ம தலையில கட்டறப்ப இதை மட்டும் சொல்ல மாட்டாங்க. வீட்டுச் செலவுப் பணம் பங்கு ஃபண்டுல இருக்கவே கூடாதுங்க.

கடன் பத்திரத்துல போடற கடன் ஃபண்ட் எஃப்டி மாதிரியேன்னும் சொல்வாங்க. அதுக்கு டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது. 2020 ஏப்ரல் 23ம் தேதி ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டை மூடினாங்க. தரம் குறைஞ்ச பத்திரங்களை அந்தக் கொரோனா நேரத்துல விக்க ஆள் இல்லை. பிறகு பணம் திரும்பி வந்துச்சு, ஆனா முதல் தவணையே 2021 பிப்ரவரியிலதான். வரியிலயும் பழைய சலுகை போயிடுச்சு. 2023 ஏப்ரல்ல இருந்து வாங்கின கடன் ஃபண்ட் லாபம் வட்டி மாதிரியே வருமானத்தோட சேரும்.

சரி, கணக்குப் போட்டுப் பாப்போம். கையில 30 லட்சம், இபிஎஸ் பென்ஷன் 3,000, மாசச் செலவு 18,000. 15 லட்சம் போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல. 2025-26ல இருந்த வட்டி 8.2 சதவீதம், அதை வெச்சுப் பாத்தா மூணு மாசத்துக்கு ஒருக்கா 30,750, மாசக் கணக்குல 10,250. 58ல ஓய்வு பெற்றவங்களும் சேரலாம், ஆனா ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள. அந்தத் தேதியைத் தவற விட்டா 60 வரைக்கும் காத்திருக்கணும். 9 லட்சம் ரெண்டு பேங்க்ல எஃப்டி, அதுல மாசம் 5,200 சொச்சம். பென்ஷனும் சேத்தா 18,450. செலவு முடிஞ்சுது.

2 லட்சம் சேவிங்ஸ்ல, அவசரத்துக்கு. மீதி 4 லட்சத்தை மட்டும் மியூச்சுவல் ஃபண்டுக்குக் குடுங்க. நிஃப்டி பட்டியல்ல இருக்கற பெரிய கம்பெனி ஷேரை அப்படியே வாங்கற நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் மாதிரி சாதாரணமான ஒண்ணு போதும். மாசம் 20,000 வீதம் 20 மாசத்துல போடுங்க, ஏழு வருஷம் தொடாதீங்க. பாதியா விழுந்தாலும் உங்க அடுப்பு எரியும். அப்படி விழுந்தா தூக்கம் கெடும்னு நினைக்கறவங்களுக்கு ஃபண்டே வேண்டாம், அது தப்பில்லை. வாங்கறப்ப ‘டைரக்ட்’ பிளானா ‘ரெகுலர்’ பிளானான்னு கேளுங்க. ரெகுலர்ல ஏஜெண்ட் கமிஷன் வருஷா வருஷம் உங்க பணத்துல இருந்துதான் போகும். ஒரு சதவீதம்னாலும் 4 லட்சத்துக்கு 4,000 ரூபாய்.

வரி பிடித்தம். 2025 ஏப்ரல்ல இருந்து, 60 தாண்டினவங்களுக்கு ஒரு இடத்துல வட்டி வருஷம் 1 லட்சம் தாண்டினாத்தான் டிடிஎஸ். நம்ம கணக்குல போஸ்ட் ஆபீஸ் வட்டி 1,23,000, பிடிச்சுடுவாங்க. மொத்த வருமானம் 2.22 லட்சம், வரியே கிடையாது. அதனால வரி பிடிக்க வேண்டாம்னு ஒரு படிவம் குடுத்துடணும், 2025-26 வரைக்கும் அதுக்கு 15எச்னு பேர். 60 ஆகாதவங்களுக்கு அப்ப 15ஜி. வருஷா வருஷம் குடுக்கணும், பான் இல்லாமக் குடுத்தா செல்லாது.

கடைசியா, பேங்க் கவுண்டர்ல எஃப்டி கேட்டுப் போய் இன்சூரன்ஸ் பாலிசியோட திரும்பி வர்றவங்க நிறைய. தாள்ல ‘பிரீமியம்’, ‘பாலிசி டேர்ம்’னு இருந்தா அது எஃப்டி இல்லை. தெரியாம வாங்கிட்டாலும் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா சின்னப் பிடித்தம் போகப் பணத்தைத் திருப்பித் தரணும். எழுதிக் குடுத்ததுக்கு முத்திரை வெச்ச நகல் வாங்கிக்குங்க. அப்படிச் சந்தேகமான தாள் யாராவது கொண்டு வந்திருந்தா, இப்பவே எடுங்க, உக்காந்து பாத்துடலாம்.