ஐந்து வெற்று வரிகள்

மேற்கே ஆழத்திலிருந்து திரும்பும்போது, பினாங்கில் எங்கள் ஊரான தெலுக் பஹாங் கடைசியில்தான் தெரியும். முதலில் தெரிவது முக்கா ஹெட் மலை, அதன் உச்சியில் கலங்கரை விளக்கம். 1883-இல் வெள்ளைக்காரன் கட்டியது. அப்பா அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தடவிப் பீடி எடுப்பார். நான் பிஸ்கட் டின்னைத் திறந்து போனை எடுக்கிறேன். முனையைச் சுற்றி வரும்வரை மலை மறைக்கும், சிக்னல் ஒரு கோடு கூட வராது.

இரண்டு இரவு கடலில் இருந்தோம், நானும் பாக் டின்னும். முதல் இரவே சுமத்ரா காற்று அடித்துப் பாதி வலை கிழிந்தது. பெட்டியில் ஐஸ்தான் அதிகம். செனாங்கின் எட்டு கிலோ தேறும், மற்றதெல்லாம் கெம்போங்.

இன்னும் விடியவில்லை. முனை திரும்பியதும் பிளாஸ்டிக் பைக்குள் போன் துடிக்கத் தொடங்கியது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் கமலா அனுப்பியது. எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் தினமும் எழுதுவாள். அவளுக்கு அது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

செவ்வாய் மாலை: "மீன் கறி வச்சேன். தம்பி சாப்பிடல."

அதற்குக் கீழே: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

இரவு 9.50: "101 பஸ்ல இருக்கேன்."

நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது.

புதன் காலை: "தம்பியோட பிறப்புப் பத்திரத்த எந்த ஃபைல்ல வச்சீங்க? சரி, கெடச்சிருச்சு."

நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது.

நேற்று மாலை: "சிங்கமுகக் காளியம்மனுக்கு அக்கா வெளக்குப் போட்டாங்களாம். நீங்க மெதுவா வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லை என்று அவள் இதுவரை எழுதியதே இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பட்டணம் போகிற பஸ்ஸில் அவளுக்கு என்ன வேலை? எழுதி அழித்த ஐந்து வரிகளையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். அழித்தது அழித்ததுதான்.

அப்புறம்தான் குடும்பக் குரூப் வந்து இறங்கியது. அங்கே யாரும் எதையும் அழிக்கவில்லை. என் அக்கா நேற்று மதியம் கேட்டிருந்தாள்: "பிளேட்லெட் ஏறிருச்சா கமலா?"

கீழே பதில் இல்லை.

டெங்கி. எங்கள் வரிசையில் போன மாதமே இரண்டு வீட்டுக்கு வந்தது. தம்பிக்கு எட்டு வயது, எலும்பும் தோலுமான பிள்ளை. என் கை தானாகத் திராட்டிலை முன்னே தள்ளியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு அலையில் அறைந்தது. ஐஸ் பெட்டி சரிந்தது.

பாக் டின் எழுந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து, "பெலான்-பெலான், செல்வம்" என்றார்.

போன வருடம் அம்மா விழுந்துவிட்டார் என்ற செய்தி இதே இடத்தில்தான் வந்தது. அன்றும் இப்படித்தான் ஓட்டினேன். இருட்டில் பாறை தெரியவில்லை. புரொப்பல்லர் போனது, பாக் டின்னுக்கு மூன்று தையல். அந்தத் தழும்பு என் கைமேல் இருந்த கையில்தான் இருக்கிறது.

வேகத்தைக் குறைத்துவிட்டு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கமலா, தம்பி?"

"முனை திரும்பிட்டீங்களா?"

"தம்பி எப்படி இருக்கான், அதைச் சொல்லு."

"காய்ச்சல் விட்டுருச்சு. ராத்திரி எடுத்த ரத்தத்துல ஏறியிருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க. இன்னும் ரெண்டு நாள் வார்டுலயே இருக்கணுமாம்." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "பயத்துல எழுதிட்டேங்க. யார்கிட்ட சொல்றது? அப்புறம் இருட்டுல அதப் படிச்சிட்டு அன்னிக்கு மாதிரி ஓட்டிட்டு வருவீங்களேன்னு அழிச்சிட்டேன்."

"அஞ்சையுமா?"

"எண்ணினீங்களா?"

எனக்குக் குரல் வரவில்லை. பாக் டின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுக்கானைத் தாம் வாங்கிக்கொண்டார். தெலுக் டூயோங் கரை இடப்பக்கம்... இல்லை, வலப்பக்கம். கண் கலங்கியதில் திசைகூடத் தடுமாறியது.

"முழிச்சிருக்கானா?"

போன் கை மாறியது. கட்டில் கம்பியில் எதுவோ இடித்தது.

"அப்பா," தொண்டை கட்டிய குரல். "லைட் ஹவுஸ் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுப்பா."

"செனாங்கின் கெடச்சுதா?"

"எட்டு கிலோ."

"பெருசு ஒண்ணு விக்காம வைங்க. எனக்குப் பசிக்குது."

பாக் டின்னிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் காலால் நிமிர்த்தி, ஐஸுக்குள் கையை விட்டுப் பெரிய மீனாகத் தேட ஆரம்பித்தார்.