பன்னிரண்டு கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தரப் பிரிவு மேனேஜரான மூன்றாம் வாரம், செக்கிங் சூப்பர்வைசர் ஒருவரை எடுக்கும் வேலை கலைவாணியிடம் வந்தது. இன்டர்வியூ எடுப்பது முதல் தடவை. முந்தின ராத்திரியே பன்னிரண்டு கேள்விகள் எழுதி, பக்கத்தில் மதிப்பெண் கட்டமும் போட்டிருந்தாள்.

முதலில் பிரபு. டெக்ஸ்டைல் டிப்ளமா.

"ஆயிரம் பீஸ் லாட், லெவல் 2, ஏக்யூஎல் 2.5. செக் பண்ண எத்தனை பீஸ் எடுப்பீங்க?"

"80 மேடம். தப்பு 5 வரைக்கும் பாஸ், 6 வந்தா ஃபெயில்."

"துணியோட எடை, ஜிஎஸ்எம், எப்படிப் பாப்பீங்க?"

"ரவுண்ட் கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, கிராம் எடையை நூறால பெருக்கணும்."

இருபது நிமிடத்தில் பன்னிரண்டு டிக். அனுப்பிவிட்டாள்.

அடுத்து மல்லிகா. ஒன்பது வருஷம் செக்கிங்.

"ஏக்யூஎல்லுங்களா? செவுத்துல இருக்கற அட்டையப் பாத்துச் சொல்லுவேனுங்க."

முதல் கட்டத்தில் பெருக்கல் குறி. ஜிஎஸ்எம்முக்கும் அதே. நாலாவது கேள்வியில் பையிங் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால், மேஜையில் கிடந்த சாம்பிள் டி-ஷர்ட்டை மல்லிகா உள்பக்கம் திருப்பி, தோள் தையலை இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"என்ன பாக்கறீங்க?" இது தாளில் இல்லாத கேள்வி.

"ஊசி ஓட்டைங்க. இப்பத் தெரியாது, தொவைச்சா வாய் பொளந்துக்கும்."

'எந்த நம்பர் ஊசி?' என்பது நாக்கு நுனிவரை வந்தது. கலைவாணி கேட்கவில்லை. மல்லிகாவே தொடர்ந்தாள்.

"போன வருஷம் ஒரு லாட்டு இப்படித்தான். நிட்டிங் தப்புன்னாங்க. துணி ஓட்டைன்னா எங்க வேணா இருக்கோணும், இது தையல் மேலயே வரிசையா இருந்துது. ஒவ்வொரு மெஷினா போய் ஊசி முனையை நகத்துல தேச்சுப் பாத்தேன். மூணாவது ஓவர்லாக்குல கீறுச்சு."

"தச்சவங்களை என்ன பண்ணீங்க?"

"திட்டலைங்க. திட்டினா அடுத்த தடவை ஊசி ஒடஞ்சா மறைச்சிருவாங்க. ஒடஞ்ச துண்டு ஒண்ணு விடாம பொறுக்கி ரிஜிஸ்டர்ல ஒட்டோணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் அது ஏதோ குழந்தை சட்டைக்குள்ள இருக்குதுன்னுதான் அர்த்தம்."

இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். "அந்த லாட்டு என்னாச்சு?" மல்லிகா சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அப்புறம் செக்யூரிட்டிக்குப் போன் செய்தாள். பிரபு இன்னும் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொன்னாள்.

"நீங்க பாத்த வேலையில தப்பாப் போனது ஒண்ணு சொல்லுங்க, தம்பி."

பிரபு பேசவில்லை. காலையில் என்றால் அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பாள். பேனாவை மூடி வைத்தாள். டீயில் ஆடை கட்டியது.

"ட்ரெயினிங்ல மேடம்... கை ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடா வந்துருச்சு. ரெண்டு ரோல் கலந்துருச்சு. டியூப் லைட்டுல தெரியல, வெளிய வெயில்ல கொண்டுபோனப்பதான் தெரிஞ்சுது."

"கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் மேடம்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கலந்து வெட்டினதும் நான்தான்."