கோமதி என்று கூப்பிடுங்கள்

சேரன்மகாதேவி வீட்டில் பேர் வைக்கிற அன்று, தொட்டில் பக்கத்தில் நின்று அத்தை வாசிப்பது

எல்லாரும் கொஞ்சம் உள்ளே வந்து உட்காருங்கள். வாசலில் நிற்கிற மாமாமார், சித்தப்பாமார், நீங்களும்தான். இலை போட இன்னும் நேரம் இருக்கிறது. பிள்ளை இப்போதுதான் பால் குடித்துவிட்டு முழித்துக்கொண்டு கிடக்கிறாள், அவள் கண் சொருகுவதற்குள் வாசித்துவிடுகிறேன். தம்பி பிள்ளைக்கு அத்தைதான் காதில் பேர் சொல்ல வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். இன்றைக்கு நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் காரணம் இந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க.
நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து
ஜங்ஷனில் இறங்கி, கிடைத்த பஸ்ஸில் ஏறி,
பையைக் கீழே வைக்காமல் தொட்டிலைத் தேடிய
சென்னைச் சித்தி, சித்தப்பா, வாங்க.
பாளையங்கோட்டைப் பெரியம்மை, முட்டுவலியோடு
இத்தனை படி ஏறி வந்தீர்களே,
அந்தக் கை வைத்த நாற்காலி உங்களுக்குத்தான்.
உடன்குடி மாமா, ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி சுமந்து
‘பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்ட ஆகும்’ என்று
அடுப்படியில் வைத்துவிட்டு ஓரமாய் நிற்கிறீர்கள்,
முன்னால் வாங்க.
பத்தமடை மதினி, உங்கள் கோரைப்பாயில்தான்
இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் குப்புற விழுந்தார்கள்.
இவளுக்கும் ஒன்று கொண்டுவந்துவிட்டீர்கள்.
தாராவியிலிருந்து ரயிலிலேயே படுத்து எழுந்து வந்த பெரியப்பா,
அங்கே பிறந்து, நம்மைவிட நன்றாய்
நம்ம ஊர்ப் பேச்சுப் பேசுகிற உங்கள் பேரன்மார்,
எல்லாரும் வாங்க.

மஸ்கட்டில் லீவு கிடைக்காமல்
செல்போனுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற அண்ணாச்சி,
உன்னைத் தொட்டில் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்,
தெரிகிறதா? தலையை ஆட்டு.
நடவு வேலையை அரைநாள் விட்டுவிட்டு,
சேற்றைக் கழுவிய கையோடு வந்து
கொல்லைப் பக்கமே நிற்கிற அக்காமாரே,
இது உங்கள் வீட்டுப் பிள்ளை.
நடு வீட்டுக்கு வந்து அவளைத் தூக்குங்கள்.

அப்புறம், ஒரே திண்ணையில் இந்த மூலையில் ஒருவரும்
அந்த மூலையில் ஒருவருமாய் உட்கார்ந்திருக்கிற
என் இரண்டு மாமாமாருக்கும் வணக்கம்.
வரப்புத் தகராறு எத்தனை வருஷம் ஆனதோ,
இன்றைக்கு இரண்டு பேரும் வந்துவிட்டீர்கள்.
அது போதும். மீதியை இவள் பார்த்துக்கொள்வாள்.

*

சின்னவளே, இனி உன்னிடம் பேசுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் நீ.
பொதிகையில் கறுத்த மேகம் இறங்கி,
பாபநாசம் தாண்டிப் பொருநை புரண்டு வந்து,
கன்னடியன் கால்வாய் கரை தட்டி ஓடிய நேரம்.
பிசானத்துக்கு நாற்றுப் பறித்த கையெல்லாம்
‘என்ன பிள்ளை?’ என்று கேட்டபடி வீட்டுப் பக்கம் வந்தன.
‘பொம்பளப் பிள்ளை’ என்று உன் அப்பன் கத்தின கத்தலில்
அம்மைநாதர் கோயில் புறாவெல்லாம் பறந்திருக்கும்.
ஒரு நாழி சீனி வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தான்.
உன் அம்மை மட்டும் ஒன்றும் பேசவில்லை.
உன் விரல்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது இடுப்பில் மாமன் போட்ட வெள்ளி அரைஞாண்,
கையில் கறுப்பு வளையல், வசம்புக் காப்பு,
கன்னத்தில் ஒரு மை, உள்ளங்காலில் ஒரு மை.
உத்திரத்தில் கட்டிய தொட்டிலில் கிடக்கிறாய்.
அந்தத் தொட்டிற்சேலை யாருடையது என்று தெரியுமா?
துவைத்துத் துவைத்துக் கரையெல்லாம் வெளுத்துப்போன
அந்தச் சுங்குடி உன் பூட்டியுடையது.
உனக்கு வைக்கப்போகிற பேரும் அவளுடையதுதான்.

*

அந்தப் பேரின் கதையைக் கேள்.

உன் ஆச்சி, என்னைப் பெற்ற அம்மா,
அதோ முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே அவள்,
இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து
அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை.
மாமியார் பேரை மருமகள் சொல்லக்கூடாது.
யாரும் அடித்துச் சொல்லவில்லை, அவளாகவே சொல்லவில்லை.
வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர்
‘மாமியார் பேர் என்னம்மா?’ என்று கேட்டால்
என் முகத்தைப் பார்ப்பாள். நான் சொல்வேன்.
அடுத்த தெருவில் அதே பேரில் ஒரு பிள்ளை இருந்தாள்,
அவளை ‘பெரியவங்க பேர்க்காரி’ என்றுதான் கூப்பிடுவாள்.
சங்கரன்கோவில் போய் அம்மன் சன்னதியில் நின்றாலும்
‘தாயே’ என்று மட்டும்தான் வரும்.

உன் பூட்டி சும்மா இல்லை, கேட்டுக்கோ.
பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில்
கடைசிப் பந்தியில் மருமகளோடு உட்கார்ந்து
தன் இலையிலிருந்து அவளுக்கு எடுத்து வைத்தவள்.
சொதிக்குத் தேங்காய்ப்பால் முதல் பால், இரண்டாம் பால் என்று
கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவள்.
உன் ஆச்சிக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மார்கழியில்
மூன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் உட்கார்ந்தவள்.
எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என்னை
‘நீ காலேஜுக்குப் போ, பால்மாட்டை நான் பார்த்துக்கிடுதேன்’ என்று
பஸ் ஏற்றிவிட்டவள் அவள்தான்.

கடைசி நாளில் உன் ஆச்சி அவள் தலையை மடியில் வைத்து
‘அத்தே, அத்தே’ என்றுதான் அழுதாள்.
பேரைச் சொல்லி அழ எங்களுக்கு முடிந்தது.
அவளுக்கு முடியவில்லை.

அதனால்தான், என் தம்பி மகளே,
உன் காதில் பேரைச் சொல்கிற உரிமையை
நான் என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.
இத்தனை வருஷம் அவள் மனசுக்குள்ளேயே வைத்திருந்த பேர்
முதல்முதலாய் வெளியே வரட்டும்,
அதுவும் உன் காதுக்குள் வரட்டும்.

*

நீ நல்லாயிரு தாயி.
பல்லும் சொல்லும் சீக்கிரம் முளைக்கட்டும்.
காய்ச்சல் கழுத்துவலி வந்தாலும் வந்த வழியே போகட்டும்.
ஆற்றங்கரையில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாமல் இருக்காதே,
படித்துறையில் உன் அப்பனே கற்றுக்கொடுப்பான்.
குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதம் எல்லாம்
தலை நனைய நனைய ஆடு. யாரும் திட்டமாட்டோம்.

இரண்டு பேருக்கு நடுவில் வந்த சண்டைக்காக
புன்னை வனத்தில் தவம் நின்றவள் உன் பேருக்குரிய அம்மன்.
சங்கன் சொன்னது ஒன்று, பதுமன் சொன்னது ஒன்று,
சிவன் பெரிதா, விஷ்ணு பெரிதா என்று நாகர்கள் வழக்காட,
அவள் தவத்துக்கு இறங்கி வந்த சாமி
பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாய் நின்றது.
ஆடித்தபசு அன்று உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போய்
அதைக் காட்டுவோம், புற்றுமண்ணும் பூசிவிடுவோம்.
நீயும் அப்படி இரண்டு பக்கத்தையும் சேர்க்கிறவளாய் இரு.
முதல் வேலை திண்ணையில் காத்திருக்கிறது.

கொடுக்கிற கை உனக்கு வேண்டும்.
பாளையங்கோட்டைப் பெரியம்மை வீட்டுக்குப் போகும்போது
ஆற்றின்மேல் ஒரு பாலம் வரும், நின்று பார்.
தன் கைப்பணத்தைப் போட்டு சுலோச்சன முதலியார் கட்டியது,
1843இலிருந்து ஊர் அதில் நடக்கிறது.
காசு வந்தால் அந்தப் பாலத்தை நினைத்துக்கொள்,
வராவிட்டால் ஒரு வாய்ச் சோற்றைப் பங்கு போடு, அதுவும் சரிதான்.

என்ன படிக்கிறாயோ படி. எந்த ஊருக்குப் போகிறாயோ போ.
யாரைக் கட்டுகிறாயோ, கட்டாமல் இருக்கிறாயோ, அது உன் இஷ்டம்.
ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்:
எந்த வீட்டில் கால் வைத்தாலும்
உன் பேரைச் சொல்லியே உன்னைக் கூப்பிடட்டும்.
நீயும் எல்லார் பேரையும் வாய் நிறையச் சொல்.

*

சொந்தக்காரர்களே, உங்களிடமும் கொஞ்சம் கேட்க இருக்கிறது.
மோதிரம் போட்டீர்கள், கொலுசு போட்டீர்கள், சந்தோஷம்.
ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாங்க.
சென்னைச் சித்தி, முழுப் பரீட்சை லீவில் அவளை அழைத்துப் போய்
கடலைக் காட்டுங்கள், இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.
பெரியப்பா, தாராவியில் நீங்கள் முதலில் போய் இறங்கிய நாளை
அவளுக்கு முழுசாய்ச் சொல்லுங்கள், எங்களுக்குச் சொன்ன மாதிரி சுருக்காதீர்கள்.
மாமா, பனையேறுகிற ஆட்களிடம் கூட்டிப்போய்ப் பதநீர் வாங்கிக் கொடுங்கள்.
அண்ணாச்சி, தொட்டில் விட்டு அவள் இறங்குவதற்குள் வந்துவிடு,
போனில் பார்த்த முகம் பிள்ளைக்குப் பிடிபடாது.
அக்காமாரே, தெருவில் அவள் தப்புச் செய்தால் நீங்களே கண்டியுங்கள்.
எங்களிடம் கேட்கவே வேண்டாம்.
அவளை ஆளுக்கொரு விதமாய்க் கூப்பிடுங்கள்,
கோமு என்றோ, கோமதிக்கண்ணு என்றோ, ஏட்டி என்றோ.
கூப்பிட ஆள் இருக்கிற பிள்ளைக்குக் குறைவே வராது.

*

அம்மா, இப்போது நீ வா.
வெற்றிலையை அவள் காதுக்கு அண்டக் கொடுத்துக்கொள்.
சீனித்தண்ணியை முதலில் நாக்கில் தொட்டு வை.
கை நடுங்கினால் நடுங்கட்டும், பரவாயில்லை.
மூன்று தடவை சொல்ல வேண்டும்.
மெதுவாய்ச் சொல், சத்தமாய்ச் சொல், உனக்கு வருகிற மாதிரி சொல்.
அத்தை கோபிக்கமாட்டாள், அம்மா.
சொல்.

கோமதி.
கோமதி.
கோமதி.

எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை:
கோமதி!

தாய்மாமன் வந்து தொட்டிலை ஆட்டுங்கள்.
பெண்கள் ஒரு குலவை போடுங்கள், தெரு முழுக்கக் கேட்கட்டும்.
ஆரத்தி எடுத்ததும் முதல் பந்தி உட்காரலாம்.
சொதியும் இஞ்சித் துவையலும் இருக்கிறது, உருளைக்கிழங்கு காரக்கறி இருக்கிறது,
டவுனில் வாங்கிய அல்வா சூடு ஆறவில்லை.
திண்ணை மாமாமார் இரண்டு பேருக்கும்
பக்கத்துப் பக்கத்து இலை.