பகுதிநேர எம்.எஸ்சி. படிப்புக்குக் கல்வி விடுப்பு கோரும் விண்ணப்பம்

மேலூர்,
14.07.2025

அனுப்புநர்
த. மலர்விழி, பி.எஸ்சி., பி.எட்.,
கணித ஆசிரியை (9, 10ஆம் வகுப்புகள்)

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி,
மேலூர், மதுரை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: எம்.எஸ்சி. கணிதம் பகுதிநேரமாகப் படிக்க 12 நாள் கல்வி விடுப்பு வேண்டுதல், வகுப்புகளுக்கான மாற்று ஏற்பாடு – தொடர்பாக.

வணக்கம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு எம்.எஸ்சி. கணிதப் படிப்பில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். நேர்முக வகுப்புகள் மதுரையில் சனி, ஞாயிறுகளில் நடக்கும். முதல் பருவத் தேர்வு டிசம்பரில். அதற்காக இந்த விண்ணப்பம்.

ஏன் இப்போது என்று தாங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு அக்டோபரில் மேல்நிலைக் கணித ஆசிரியர் அரசுப் பணி கிடைத்துப் போனபோது, புதியவர் வரும்வரை ஆறு வாரம் பதினொன்றாம் வகுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். லிமிட்ஸ் நடத்திய அன்று ஒரு மாணவி எழுந்து, "பூச்சியத்தால வகுக்கக் கூடாதுன்னு பத்தாவதுல நீங்கதானே மேடம் சொன்னீங்க, இங்க மட்டும் எப்படி?" என்றாள். "வகுக்கலைம்மா, பக்கத்துல போறோம், போய்ச் சேரலை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. போர்டில் எழுதிய வரிக்கும் அதன் அடியில் இருக்கும் கணக்குக்கும் நடுவில் நான் படிக்காத ஒன்று இருக்கிறது என்று அன்று தெரிந்தது. முதல் பருவத்திலேயே ரியல் அனாலிசிஸ் தாள் இருக்கிறது. நான் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம் நம் பள்ளியின் தேவை. மேல்நிலை வகுப்புக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்த இடம் மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை காலியாகிவிட்டது. படிப்பு முடிந்த பின் குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் இங்கேயே பணிபுரிவேன் என்று எழுதிக் கொடுக்கத் தயார்.

எனக்குத் தேவைப்படும் நாட்கள்: ஆகஸ்ட் 2 முதல் நவம்பர் 22 வரை மொத்தம் 12 சனிக்கிழமைகள் வகுப்பு. அதில் நான்கு இரண்டாம் சனி, நமக்கும் விடுமுறை. ஆக எட்டு நாள். டிசம்பரில் ஐந்து தேர்வு நாளும் படிப்பதற்கு மூன்று நாளுமாக எட்டு. மொத்தம் 16. இதில் நான்கை என் தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்கிறேன். மீதி 12 நாளையே கல்வி விடுப்பாகக் கேட்கிறேன். சம்பளத்துடன் கிடைத்தால் நன்றி. நம் பள்ளியில் அந்த வழக்கம் இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பாகவாவது தாருங்கள். பணித் தொடர்ச்சியில் மட்டும் முறிவு வரக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

இனி வகுப்புகள். சனிக்கிழமை எனக்கு ஐந்து பாடவேளை: 10-அ பிரிவில் இரண்டு, 10-ஆவில் இரண்டு, 9-அவில் ஒன்று. இவற்றுக்குச் சப்ஸ்டிட்யூஷன் போட்டு யாரையாவது உட்காரவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் பாடவேளைகளை மாற்றிக்கொள்ளப் பேசியிருக்கிறேன். 10-அவில் என் இரண்டு வேளையையும் அறிவியல் ஆசிரியை கலைச்செல்வி எடுத்துக்கொள்வார். அவருடைய செவ்வாய் கடைசி வேளையும் வியாழன் முதல் வேளையும் எனக்கு வரும். 10-ஆவில் தமிழ் ஐயா அதேபோல் புதன், வெள்ளி வேளைகளைத் தருகிறார். மாணவர்களுக்கு எந்தப் பாடத்திலும் ஒரு வேளைகூடக் குறையாது. 9-அவை அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் சுந்தரேசன் சார் எடுப்பார். 9-ஆவுக்கு அவர்தான் கணிதம் என்பதால் பாடம் ஒன்றாகவே நகரும். இரண்டு பிரிவையும் ஒரே அறையில் சேர்த்துவிடலாம் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு யோசனை வந்தது. போன ஆண்டு ஒரு முறை அப்படிச் செய்து பார்த்தோம். பின்பெஞ்சில் கணக்கு நடக்கவில்லை. வேண்டாம் என்றேன். மூவரும் கையெழுத்திட்ட ஒப்புதலை இணைத்துள்ளேன். பத்தாம் வகுப்பின் சனிக்கிழமைச் சிறு தேர்வை வெள்ளி மாலை சிறப்பு வகுப்புக்கு மாற்றிவிடுகிறேன்.

அவர்களில் ஒருவர் திடீரென வர முடியாமல் போனால்? பத்து ஒர்க்ஷீட்டுகள் விடைகளுடன் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் இருக்கும். ஆனால் அதை நான் பெரிதாக நம்பவில்லை. கணக்கு ஆசிரியர் இல்லாத அறையில் ஒர்க்ஷீட் என்பது முன்பெஞ்சைப் பார்த்து எழுதும் வேலையாகிவிடும். முந்தின நாள் மாலைக்குள் தகவல் தெரிந்தால், அன்று மதுரை வகுப்பை விட்டுவிட்டு நானே பள்ளிக்கு வந்துவிடுகிறேன்.

செய்முறை வடிவியலை மட்டும் யாரிடமும் விடமாட்டேன். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்துப் பொதுத்தேர்வில் 16 மதிப்பெண். தேர்ச்சிக்கே 35தான் வேண்டும். எல்லையில் நிற்கும் பிள்ளைகளைக் கரையேற்றுவது அந்தப் பதினாறுதான். 10-ஆவில் ஒரு பையன் காம்பஸை இரண்டு கையாலும் பிடிக்கிறான். திருகு தளர்ந்து, வட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராமல் அரை சென்டிமீட்டர் தள்ளி முடிகிறது; தொடுகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போகிறது. பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். புதன்கிழமைகளில் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தின் எட்டுப் பாடங்களில் முதல் பாடம் முடிந்துவிட்டது, இரண்டாவது நடக்கிறது. நவம்பர் இறுதிக்குள் எட்டையும் முடித்துவிடுவேன்.

டிசம்பர்தான் சிக்கல். என் தேர்வு நாட்கள் நம் அரையாண்டுத் தேர்வோடு மோதும். கணித வினாத்தாள்களை நவம்பர் 28க்குள் தங்களிடம் ஒப்படைக்கிறேன். தேர்வறைக் கண்காணிப்பில் எனக்காக நிற்பவர்களுக்குக் காலாண்டுத் தேர்வில் நான் முன்கூட்டியே நின்று கடனை அடைத்துவிடுகிறேன். கணிதத் தேர்வு நாளில் நான் இல்லாமல் போனால் வினாவில் வரும் ஐயங்களைச் சுந்தரேசன் சார் பார்த்துக்கொள்வார். விடைத்தாள்களை நானே திருத்துவேன், மற்றவர்களுக்குள்ள அதே கெடுவுக்குள். பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை வந்த அன்றே தங்களிடம் தந்து நாட்களை உறுதி செய்துகொள்கிறேன்.

ஜனவரிக்குப் பின் திருப்புதல் தேர்வுகள் இருப்பதால் சனிக்கிழமை வகுப்புகளுக்கு நான் போகப்போவதில்லை, ஞாயிறு மட்டும் போவேன். அதற்கு விடுப்பு தேவையில்லை. அடுத்த கல்வியாண்டுக்கு அந்த ஆண்டின் தேவையைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வகுப்புக்குமுன் கால அட்டவணையைத் திருத்த வேண்டியிருப்பதால், ஜூலை 25க்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும். நேரில் பேச வேண்டுமென்றால் எந்த நாளும் மதிய இடைவேளையில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. மலர்விழி

இணைப்பு:
1. சேர்க்கை உறுதிக் கடிதம், கட்டண ரசீது நகல்
2. நேர்முக வகுப்பு நாட்களின் பட்டியல்
3. மாற்றிய சனிக்கிழமைக் கால அட்டவணை, மூன்று ஆசிரியர்களின் கையெழுத்துடன்