மரச்செக்கு எண்ணெய்க்கு விலை வைப்பது: வியாழக்கிழமை உரையாடலுக்கான கேள்விகள்

வணக்கம் மேடம். எங்கள் கல்லூரித் தொழில்முனைவோர் மன்றத்தில் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள் இவை. வருபவர்களில் பலர் ஊறுகாய், சோப்பு, சத்துமாவு என்று சிறிதாக விற்கத் தொடங்கியவர்கள். அதனால் எண்களோடு பேசினால் பெரிய உதவியாக இருக்கும். வெளியில் சொல்ல விரும்பாத எண் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், கேட்க மாட்டேன்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு என்று வைத்துக்கொள்வோம். கிலோ 130 ரூபாய் என்றால் பருப்புக்கே 325. ஒன்றரை கிலோ புண்ணாக்கை 40 ரூபாய் வீதம் விற்றால் 60 திரும்பி வரும். தாளில் போட்ட இந்த மாதிரிக் கணக்கு உங்கள் செக்கில் முதல் மாதம் நின்றதா? ஈரப் பருப்பு, தெளிய வைத்தபின் அடியில் தங்கும் கசடு, ஒழுகிய பாட்டில் என்று எது அதிகம் தின்றது?

உங்கள் உழைப்புக்குச் சம்பளம் எழுதினீர்களா? சொந்த இடத்துக்கு வாடகை? இங்கே பலர் அம்மாவின் வேலைக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு லாபம் என்கிறார்கள். இதற்கு நேரம் எடுத்துப் பதில் சொல்லுங்கள்.

பருப்பு விலை ஏறும் மாதங்களில் எண்ணெய் விலையையும் ஏற்றுவீர்களா, அறுவடைக் காலத்திலேயே வாங்கி வைப்பீர்களா? வாங்கி வைத்தால் முடங்கும் பணத்தின் வட்டி விலையில் சேருமா?

அப்புறம், வாங்குபவர்கள் பக்கம். 400 ரூபாய்க்கு வாங்குவீர்களா என்று கேட்டால் தெரிந்தவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். உண்மையில் பணம் எடுப்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முன்பணம் கேட்டுப் பார்த்தீர்களா? ஒரே எண்ணெயை இரண்டு சந்தைகளில் இரண்டு விலைக்கு வைத்துப் பார்த்ததுண்டா?

வாங்குபவர் எந்த விலையை ஏற்பார் என்று அறிய, டச்சுப் பொருளாதார நிபுணர் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் 1976-இல் முன்வைத்த முறையில் நான்கு கேள்விகள் உண்டு: எந்த விலையில் வாங்கவே மாட்டீர்கள், எது அதிகம் என்றாலும் யோசிப்பீர்கள், எது மலிவு, எந்த விலைக்குக் கீழே போனால் தரத்தைச் சந்தேகிப்பீர்கள். செக்கு எண்ணெய்க்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கலப்படப் பயம் இருக்கும் பொருள் இது. விலையைக் குறைத்ததால் விற்பனை குறைந்த அனுபவம் உண்டா?

அரை லிட்டர் பாட்டிலுக்கு எண்ணெய்ச் செலவு பாதியாகும். பாட்டில், லேபிள், மூடி, நிரப்பும் கூலி பாதியாகாது. இருந்தும் புதிதாக வாங்குபவர் சிறியதைத்தான் எடுப்பார். அதில் லாபம் வைத்தீர்களா, ருசி காட்டும் செலவாக விட்டுவிட்டீர்களா?

மளிகைக் கடைக்குக் கமிஷன் கொடுத்தபின், நேரடியாக வாங்குபவருக்கும் அதே விலைதானா?

கடைசியாக ஒன்று. முதன்முறை விலை ஏற்றியபோது யார் நின்றார்கள், யார் போனார்கள், போனவர்களில் யாராவது திரும்பி வந்து காரணம் சொன்னார்களா?