ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் தங்குவோருக்கான விதிமுறைகள்

நமது ஹோட்டலின் ஊழியர் குடியிருப்பில் தங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சமையலறை, சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ், லாண்டரி, மெயின்டனன்ஸ் என எல்லாப் பிரிவினரும் இந்த ஒரே கட்டிடத்தில் தங்கியிருக்கிறீர்கள். காலை ஷிப்டுக்காக நாலரை மணிக்கே எழுபவர் ஒருவர். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு காலை 7 மணிக்குப் படுக்க வருபவர் இன்னொருவர். எந்த நேரத்தில் பார்த்தாலும் இங்கே யாராவது தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். கீழே உள்ள விதிகளில் பல அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டவை. தூங்காமல் டூட்டிக்கு வருபவர் கையில் கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தயவுசெய்து முழுவதையும் ஒருமுறை படியுங்கள். படிப்பதில் சிரமம் இருப்பவர்களுக்கு வார்டன் வாசித்துக் காட்டுவார். கேட்கத் தயங்க வேண்டாம்.

1. பார்க்க வருபவர்கள்

உங்கள் குடும்பத்தினரும் நண்பர்களும் தாராளமாக வரலாம். நேரம் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை. கேட்டில் உள்ள பதிவேட்டில் பெயர், போன் நம்பர், வந்த நேரம் ஆகியவற்றை எழுதிவிட்டு, தரைத்தளத்தில் உள்ள பார்வையாளர் அறையில் உட்கார்ந்து பேசலாம். கிளம்பும்போது நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

மேலே அறைகளுக்கு யாரையும் அழைத்துச் செல்லக் கூடாது. பெற்றோராக இருந்தாலும், கூடப் பிறந்தவர்களாக இருந்தாலும் இதே விதிதான். இது அவர்களை நம்பாததால் அல்ல. ஓர் அறையில் நான்கு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் குளித்துவிட்டு உடை மாற்றிக்கொண்டிருப்பார், ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். முன்பின் தெரியாதவர் திடீரென்று உள்ளே வந்தால் அவர்களுக்குச் சங்கடம்.

வெளியில் தங்கி நம் ஹோட்டலில் வேலை பார்ப்பவர்களும், முன்பு இங்கே இருந்து விலகியவர்களும் பார்வையாளர்களே. ஹோட்டலில் தங்கும் விருந்தினர்களை எக்காரணம் கொண்டும் இங்கே அழைத்து வரக் கூடாது. பார்சல், உணவு டெலிவரி எல்லாம் கேட்டோடு சரி. நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து அம்மா அப்பா வந்தால் எங்கே தங்க வைப்பது என்ற கவலை பலருக்கு உண்டு. தரைத்தளத்தில் இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை இதற்கென்றே இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாக வார்டனிடம் சொன்னால் அதிகபட்சம் இரண்டு இரவு தங்கலாம், கட்டணம் இல்லை. ஒரே நாளில் இருவர் கேட்டால் முதலில் சொன்னவருக்கு முன்னுரிமை.

மூன்றாம் தளம் பெண் ஊழியர்களுக்கு மட்டும். அதற்குத் தனிப் படிக்கட்டு உண்டு. பழுது பார்க்க ஆண் ஊழியர் மேலே போக வேண்டுமானால், பெண் வார்டன் முன்கூட்டியே அந்தத் தளத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, தானும் கூடவே செல்வார்.

2. கேட் மூடும் நேரம்

இரவு 11 மணிக்கு கேட் மூடப்பட்டு, காலை 5 மணிக்குத் திறக்கப்படும். இது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றே. பெண்களுக்கென்று தனியாக முந்திய நேரம் கிடையாது.

டூட்டியில் இருப்பவர்களுக்கு இந்த நேரம் பொருந்தாது. அன்றைய டூட்டி பட்டியல் செக்யூரிட்டியிடம் இருக்கும். அதில் பெயர் இருந்தால் எந்த நேரமும் கேட் திறக்கப்படும், விளக்கம் சொல்லத் தேவையில்லை. கல்யாணம், பார்ட்டி போன்ற விசேஷங்கள் இழுத்துக்கொண்டு போகும் நாட்களில், யார் யார் தாமதமாக வருவார்கள் என்று கேட்டுக்குச் சொல்வது அந்தந்த சூப்பர்வைசரின் பொறுப்பு. களைத்துப்போய் வருபவரை வாசலில் நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று செக்யூரிட்டிக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் வேலை முடியும் பெண் ஊழியர்கள் ஹோட்டல் வண்டியில்தான் வர வேண்டும். வண்டி வரத் தாமதமானாலும் தனியாக நடந்து கிளம்ப வேண்டாம்.

விடுமுறை நாளில் வெளியே போனவர்கள் 11 மணிக்குள் திரும்பிவிடுங்கள். பஸ் தவறிவிட்டது, வழியில் மாட்டிக்கொண்டோம் என்றால் 11 மணிக்கு முன்பே செக்யூரிட்டிக்கு ஒரு போன் செய்யுங்கள், கேட் திறக்கப்படும். வெளியே இரவு தங்குவதாக இருந்தால் பதிவேட்டில் திரும்பும் தேதியையும், அவசரத்துக்கு அழைக்க ஒரு போன் நம்பரையும் மட்டும் எழுதுங்கள். எங்கே போகிறீர்கள், யாரோடு என்பது உங்கள் சொந்த விஷயம்.

சொல்லாமல் வராமல் இருந்தால் உங்கள் பாதுகாப்பு கருதித் தேட வேண்டியிருக்கும். நள்ளிரவு 12 மணிக்கு வார்டன் உங்களுக்கு போன் செய்வார். எடுக்காவிட்டால், நீங்கள் கொடுத்திருக்கும் குடும்ப நம்பருக்குப் பேசுவார். நடுராத்திரியில் வீட்டில் இருப்பவர்கள் பதறுவதைத் தவிர்க்க ஒரு வார்த்தை போதும்.

கேட் மூடியிருந்தாலும் பின்பக்க அவசர வழி ஒருபோதும் பூட்டப்படாது. அதன் முன்னால் சைக்கிள், பெட்டி, மெத்தை எதையும் வைக்காதீர்கள்.

3. அமைதி

இரவு 10 முதல் காலை 6 வரை கட்டிடம் முழுவதும் அமைதி. பகலிலும் கதவில் ‘தூங்குகிறேன்’ அட்டை தொங்கினால் அந்த அறைக்கும் அதன் வராந்தாவுக்கும் இதே விதி. நைட் ஷிப்ட் பார்ப்பவருக்குப் பகல்தான் இரவு.

அறையில் ஒருவர் தூங்கும்போது டியூப் லைட்டைப் போடாதீர்கள், போன் வெளிச்சமே போதும். காலை ஷிப்ட் இருப்பவர்கள் யூனிஃபார்ம், ஷூ, பெல்ட், பெயர் பேட்ஜ் எல்லாவற்றையும் முந்தின இரவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். விடியற்காலையில் பிளாஸ்டிக் கவரைப் பிரித்துத் துழாவும் சத்தம் அலாரத்தை விட மோசமாக எழுப்பிவிடும். அலாரம் முதல் மணியிலேயே நிறுத்தப்பட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வரிசையாக வைக்காதீர்கள். வீடியோ, பாட்டு, வீட்டாரோடு வீடியோ கால் எல்லாவற்றுக்கும் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். நீளமாகப் பேச வேண்டுமானால் தரைத்தளத்துக்கோ மொட்டை மாடிக்கோ போய்ப் பேசலாம்.

4. சுத்தம்

ஹோட்டல் அறையைப் பளிச்சென்று வைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் அறைக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும். அறையைப் பெருக்கித் துடைக்கும் முறை, கதவுக்குப் பின்னால் ஒட்டியுள்ள பட்டியல்படி. ஷிப்ட் காரணமாக முடியாதபோது அறையில் இருப்பவர்களே பேசி மாற்றிக்கொள்ளலாம். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். சமையலறை ஷூ வாசலுக்கு வெளியே. எண்ணெயும் வியர்வையும் படிந்த யூனிஃபார்மைக் கட்டிலில் போடாதீர்கள்.

மூட்டைப்பூச்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பயணிகளின் பெட்டியோடு ஹோட்டலுக்கு வந்து, அங்கிருந்து நம் துணியோடு இங்கே வந்துவிடக் கூடிய பூச்சி அது. அழுக்கானவர் அறையில்தான் வரும் என்பது தவறு. வாரம் ஒருமுறை விரிப்பை மாற்றும்போது மெத்தையின் ஓரத் தையல் மடிப்பை விரித்துப் பாருங்கள். பேனா மையால் புள்ளி வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அன்றே வார்டனிடம் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம், யார் மீதும் பழி போடப்படாது. நீங்களாக மருந்து அடிக்காதீர்கள். மெத்தையையோ பையையோ வேறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், பூச்சியும் கூடவே போய்விடும். அந்த அறையின் துணிகள் நம் லாண்டரியில் 60 டிகிரி சூட்டில் துவைத்துத் தரப்படும்.

பாத்ரூமைப் பயன்படுத்தியதும் வடிகால் மூடியில் சிக்கிய முடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். வாளியிலும் டிரம்மிலும் தண்ணீரைத் திறந்தபடி நாள் கணக்கில் விடாதீர்கள். ஒரு வாரம் தேங்கினாலே கொசு முட்டையிட்டுப் பெருகிவிடும். முக்கியமான ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங்கையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில் உடனே மற்றதை ஊற்றுவதும் கலப்பதுதான். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்லுங்கள். உணவைத் தொடும் வேலையில் இருப்பவர்கள், அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை டூட்டிக்கு வரக் கூடாது. இந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படாது. எனவே மறைத்துக்கொண்டு வேலைக்கு வர அவசியமே இல்லை.

5. பொது இடங்கள்

சமையல் தரைத்தளச் சமையலறையில் மட்டும். அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் ராடு, அயர்ன் பாக்ஸ் கூடாது. அறையில் உள்ளவை 6 ஆம்பியர் பிளக் பாயிண்டுகள். 2000 வாட் அடுப்பு ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். துணி தேய்க்க லாண்டரி பக்கத்தில் மேஜை இருக்கிறது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும் டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மூன்று நாளுக்கு மேல் ஆனதும், பெயர் இல்லாததும் ஞாயிற்றுக்கிழமை காலை அகற்றப்படும். அடுத்தவர் டப்பாவைக் கேட்காமல் எடுப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். டூட்டி முடிந்து பசியோடு வந்து காலி டப்பாவைப் பார்ப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. பஃபேயில் மிஞ்சிய உணவை இங்கே கொண்டு வரக் கூடாது. அது எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

வாஷிங் மெஷின் நின்ற 15 நிமிடத்துக்குள் துணியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்தவர் அதைப் பக்கத்துக் கூடையில் வைக்கலாம், தரையில் போடக் கூடாது. டிவி அறை இரவு 10 மணி வரை. முதலில் வந்தவர் பார்க்கும் நிகழ்ச்சி முடிந்த பிறகே சேனலை மாற்றலாம்.

மது, போதைப்பொருள், சூதாட்டம் வளாகத்துக்குள் கூடாது. புகை பிடிப்பவர்கள் பின்பக்க ஷெட்டுக்குப் போங்கள். உடன் இருப்பவர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் போட்டோவோ வீடியோவோ எடுக்காதீர்கள். கேமராக்கள் கேட்டிலும் வராந்தாவிலும் மட்டுமே உள்ளன, அறைகளில் இல்லை.

6. அறை சோதனை, புகார், நடவடிக்கை

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அறைகளை வார்டன் பார்வையிடுவார். முந்தின நாளே சொல்லப்படும், அறைவாசிகளில் ஒருவராவது உடன் இருப்பார். உங்கள் லாக்கர் நீங்கள் இல்லாமல் திறக்கப்படாது.

விதியை மீறினால் முதலில் வார்டன் தனியாகப் பேசுவார், பிறர் முன்னிலையில் அல்ல. மீண்டும் நடந்தால் எழுத்தில் எச்சரிக்கை. மூன்றாவது முறை மனிதவள மேலாளரைச் சந்திக்க வேண்டும். எந்த மீறலுக்கும் அபராதம் என்று சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படாது. அடிதடி, திருட்டு, பாலியல் தொல்லை, அனுமதியின்றிப் பெண்கள் தளத்துக்குள் நுழைவது ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் பொருந்தாது. உடனே விசாரணை தொடங்கும், விசாரணை முடியும் வரை சம்பந்தப்பட்டவருக்கு வேறு இடம் ஒதுக்கப்படும். புகார் கொடுத்தவரை இடம் மாற்ற மாட்டோம்.

வார்டன் மீதே குறை இருந்தால் நேராக மனிதவள மேலாளரிடம் வாருங்கள். டிவி அறை வாசலில் உள்ள பெட்டியில் பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். அதன் சாவி மேலாளரிடம் மட்டுமே இருக்கும்.

வேலையை விட்டு விலகுபவர்கள் கடைசி டூட்டியிலிருந்து மூன்று நாட்களுக்குள் அறையைக் காலி செய்து, அறைச் சாவி, லாக்கர் சாவி, விரிப்பு, தலையணை ஆகியவற்றை வார்டனிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த விதிமுறைகள் வரும் மாதம் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வருகின்றன. மாற்ற வேண்டியது ஏதும் இருப்பதாக நினைத்தால் அதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனிதவள மேலாளர்