திட்ட மேலாளர் பதவி: கயத்தாறு விண்ணப்பதாரரின் ரெஸ்யூமே பற்றி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கங்கைகொண்டான் அலுவலகத்துக்கு வந்தவற்றில் கயத்தாறு சைட்காரருடைய ரெஸ்யூமேயைத் தனியாக எடுத்து வைத்து, இவரையே கூப்பிட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழுதாகப் படித்துவிட்டேன். உடனே நேர்முகத்துக்குக் கூப்பிட வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். முதலில் போனில் பேசிவிட்டு முடிவு செய்வோம்.

நம் விளம்பரத்தில் இரண்டைக் கட்டாயம் என்று போட்டிருக்கிறோம். ஒன்று, நடப்பில் உள்ள பி.எம்.பி. என்னும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் அல்லது அதற்கு இணையானது. இன்னொன்று, குறைந்தது ₹10 கோடி பட்ஜெட்டுக்கு நேரடிப் பொறுப்பு. இவருடைய பதினோரு வருட அனுபவம், மின்னியல் பட்டம் எல்லாம் போதுமானவை. அதில் எனக்குக் கேள்வி இல்லை.

சான்றிதழைப் பார்ப்போம். பெயருக்குப் பக்கத்தில் பி.எம்.பி. என்று போட்டிருக்கிறார். ஆனால் இரண்டாம் பக்கத்தில் இருப்பது 2019-ல் முடித்த 35 மணி நேரப் பயிற்சி மட்டும்தான். அந்த 35 மணி நேரம் தேர்வு எழுதுவதற்கான தகுதிகளில் ஒன்று, அதுவே சான்றிதழ் ஆகாது. தேர்வில் தேறிய தேதியும் இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. 2019-லேயே தேறியிருந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பி.டி.யு. என்னும் தொடர்பயிற்சிப் புள்ளிகள் 60 காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அப்படியானால் 2022-லும் 2025-லும் புதுப்பித்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு வரி இல்லை. பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி முடித்ததுமே பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் எண்ணைக் கேட்டு வாங்கி, சான்றிதழ் கொடுக்கும் பி.எம்.ஐ. அமைப்பின் பதிவேட்டில் சரிபார்க்காமல் இதை ஏற்கக் கூடாது.

நான் அதிகம் யோசித்தது பட்ஜெட் பற்றித்தான். கயத்தாறு பக்கம் 4 மெகாவாட் சூரிய மின் திட்டம், 2021 நவம்பரில் ₹16.5 கோடி எஸ்டிமேட், 2022 டிசம்பரில் ₹16.1 கோடியில் முடித்ததாக எழுதியிருக்கிறார். உங்கள் கண்ணில் பட்டதும் இந்த வரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி பேனலுக்கு 40 சதவீத சுங்க வரி வந்தது. அந்தச் சமயத்தில் பேனல் வாங்கும் பொறுப்பும் இவர் கையில் இருந்து, எஸ்டிமேட்டுக்குள் முடித்திருந்தார் என்றால் அது சாதனை. முன்கூட்டியே வாங்கிச் சேர்த்தாரா, உள்நாட்டுப் பேனலுக்கு மாறினாரா என்று பெருமையாக எழுதியிருப்பார். ஒன்றுமே சொல்லவில்லை. பேனலை வாடிக்கையாளரே வாங்கி ஃப்ரீ இஷ்யூவாகக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. திட்டச் செலவில் பாதியளவு பேனலுக்கே போய்விடும். அதைக் கழித்தால் ஸ்ட்ரக்சர், கேபிள், இன்வெர்ட்டர், சிவில் வேலை என்று இவர் பார்த்தது ₹8 கோடி அளவில்தான் நிற்கும். ₹16 கோடி என்பது திட்டத்தின் அளவு. இவருடைய பட்ஜெட் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

வினைச்சொற்களும் அப்படித்தான் இருக்கின்றன. பில் சரிபார்த்தேன், மாதாந்திர அறிக்கை அனுப்பினேன், வென்டார்களை ஒருங்கிணைத்தேன் என்கிறார். கொள்முதல் ஆணையில் கையெழுத்துப் போட்டேன், எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதை எடுக்க முடிவு செய்தேன், செலவு மீறியபோது பதில் சொன்னேன் என்று எங்கும் இல்லை.

அதே சமயம் ராதாபுரம் காற்றாலை வேலையை மனசாரப் பாராட்ட வேண்டும். ஆடிக் காற்று தொடங்குமுன் கிரேன் வேலையை முடிக்கிற மாதிரி அஸ்திவாரத் தேதியிலிருந்தே திட்டமிட்டிருக்கிறார். காற்று பிடித்துவிட்டால் கிரேன் சும்மா நிற்க வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பது நமக்குத் தெரியும். தேதிகளை அவ்வளவு தெளிவாக எழுதியவர், பணத்தைப் பற்றி மட்டும் மேலோட்டமாக எழுதியிருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

போனில் நான் கேட்கப்போவது இவை: சான்றிதழ் எண் என்ன, எப்போது வரை செல்லும்? ₹16.5 கோடியில் பேனல் சேர்ந்ததா, யார் வாங்கினார்கள்? எத்தனை ரூபாய் வரை இவர் கையெழுத்து மட்டும் போதும்? அந்த ₹40 லட்சம் எந்தத் தலைப்பில் மிச்சமானது? பட்ஜெட்டை உண்மையிலேயே கையில் வைத்திருந்தவருக்குக் கடைசிக் கேள்விக்கு ஃபைலைப் பார்க்காமலேயே பதில் வரும்.

இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த வாரமே நேரில் கூப்பிடுவோம், நீங்களும் உட்காருங்கள். சான்றிதழ் இல்லையென்றால் இந்தப் பதவிக்கு எடுக்க முடியாது. இதே விளம்பரத்துக்கு விண்ணப்பித்த வேறு இருவரை அந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பிடித்தவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதி என்று நடந்தால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. பட்ஜெட் மட்டும் ₹10 கோடிக்குக் கீழே வந்தாலும் இதே பதில்தான். ஆனால் வள்ளியூர் சைட் மேலாளர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு இந்தக் கட்டாயங்கள் கிடையாது, ராதாபுரத்தில் காட்டிய திறமை அங்கே அப்படியே பயன்படும். அவருக்குச் சம்மதமா என்று அதே போனில் கேட்டுவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை பேசுகிறேன். அன்று மாலைக்குள் பதில்களை எழுதி உங்கள் மேஜைக்கு அனுப்புகிறேன்.